மூன்று சிப்பாய்களும் ஒரு மந்திரியும்

சதுரங்கம் கற்றுத்தருகிறவர்கள் முதலில் சொல்லும் கணக்கு எளிமையானது. சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் மந்திரிக்கும் மூன்று, யானைக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது. இந்தக் கணக்கின்படி ஒரு மந்திரியைக் கொடுத்து மூன்று சிப்பாய்களை எடுத்தவர் எதையும் இழக்கவில்லை, எதையும் பெறவுமில்லை. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் யாரிடமாவது அப்படியொரு நிலையைக் காட்டி யார் மேல் என்று கேட்டால், அவர் மூன்றையும் மூன்றையும் கழித்துச் சமம் என்று சொல்லமாட்டார். சிப்பாய்கள் எங்கே நிற்கின்றன, ராணிகள் பலகையில் இருக்கின்றனவா, காய் கூடுதலாக வைத்திருப்பவரிடம் இன்னும் எத்தனை சிப்பாய்கள் மிஞ்சியிருக்கின்றன என்று பார்ப்பார். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்பது என் வாதம். கூடுதல் காய் இன்றைக்கே வேலை செய்யும், கூடுதல் சிப்பாய்கள் நாளைக்குத்தான் வேலை செய்யும். இடைப்பட்ட அந்த நேரத்தைப் பலகையில் மிச்சமிருக்கும் மற்ற காய்கள் நீட்டுகின்றனவா, குறுக்குகின்றனவா என்பதுதான் தீர்ப்பு.

பொதுவாகப் பேசினால் இது காற்றில் போய்விடும். அதனால் ஒரே ஒரு நிலையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்லாவ் தடுப்பாட்டத்தில் பல பத்தாண்டுகளாக உயர்மட்டத்தில் ஆடப்பட்டு, இரு தரப்பும் இன்னும் கைவிடாத ஒரு கிளை இது.

```
1.d4 d5 2.c4 c6 3.Nf3 Nf6 4.Nc3 dxc4
5.a4 Bf5 6.Ne5 e6 7.f3 Bb4 8.e4 Bxe4
9.fxe4 Nxe4 10.Bd2 Qxd4 11.Nxe4 Qxe4+
12.Qe2 Bxd2+ 13.Kxd2 Qd5+ 14.Kc2 Na6
15.Nxc4 O-O
```

எட்டாவது நகர்வில் வெள்ளை e4-க்குச் சிப்பாயைத் தள்ளி, f5-இல் நிற்கும் மந்திரியை விரட்டப் பார்க்கிறது. கறுப்பு விலகவில்லை. மந்திரியைக் கொடுத்து அந்தச் சிப்பாயை எடுக்கிறது. அடுத்தடுத்த நகர்வுகளில் இன்னும் இரண்டு சிப்பாய்கள் விழுகின்றன. வெட்டுக்குத்தெல்லாம் ஓய்ந்தபின் வெள்ளையிடம் ராணி, இரண்டு யானைகள், f1-இல் இன்னும் அசையாத மந்திரி, c4-இல் குதிரை, a4, b2, g2, h2 என நான்கே சிப்பாய்கள். கறுப்பிடம் ராணி, இரண்டு யானைகள், a6-இல் குதிரை, a7, b7, c6, e6, f7, g7, h7 என ஏழு சிப்பாய்கள். துல்லியமாக ஒரு மந்திரிக்கு மூன்று சிப்பாய்கள். வெள்ளை ராஜா c2-இல், முன்னால் காவல் எதுவும் இல்லாமல் நிற்கிறது. கறுப்பு ராஜாவோ g8-இல் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

முதலில் சிப்பாய்களின் அமைப்பைப் பார்ப்போம். கறுப்பின் ஏழும் இரண்டே கூட்டங்களாக நிற்கின்றன: ராணிப் பக்கம் மூன்று, ராஜாப் பக்கம் நான்கு. ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் சிக்கியவை இல்லை, துணையில்லாமல் தனித்து நிற்பது எதுவும் இல்லை. ராஜாப் பக்கத்தில் நான்குக்கு எதிராக வெள்ளையிடம் g2, h2 மட்டுமே. e6 சிப்பாயை எதிர்கொள்ள d, e, f ஆகிய மூன்று கோடுகளிலும் வெள்ளைச் சிப்பாய் கிடையாது. ஆகவே அது இப்போதே தடையற்ற சிப்பாய்தான். இதே மூன்று கூடுதல் சிப்பாய்களில் இரண்டு a கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகவும் மூன்றாவது பலகையின் மறு ஓரத்தில் தனியாகவும் இருந்திருந்தால் யாரும் இந்தக் கிளையைத் தொட்டிருக்கமாட்டார்கள். சிப்பாய்களுக்கு மதிப்பு வருவது ஒன்றையொன்று காத்துக்கொண்டு சேர்ந்து நகரும்போதுதான். e5-உம் f5-உம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அடுத்த வரிசையில் நான்கு கட்டங்களை அடைத்துக்கொள்கின்றன. வெள்ளையின் குதிரைக்கோ மந்திரிக்கோ அங்கே நிற்க இடமிருக்காது.

ஆனால் அவை இன்னும் e6-இலும் f7-இலும்தான் நிற்கின்றன. e5, f5, e4 என்று மூன்று நகர்வுகளாவது குறுக்கீடு இல்லாமல் கிடைத்தால்தான் அவை மிரட்டத் தொடங்கும். ராணியாக வேண்டுமானால் இன்னும் வெகுதூரம் போகவேண்டும். இத்தனை நகர்வுகளையும் வெள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்குமா? அதன் குதிரை c4-இலிருந்து e5 கட்டத்தை ஏற்கெனவே குறிவைக்கிறது. நிம்ஸோவிச் 1925-இல் வெளியான தம் நூலில் வற்புறுத்தியபடி, முன்னேறும் சிப்பாயின் முகத்துக்கு நேரே நின்று அதை மறிக்கக் குதிரையைவிடச் சிறந்த காய் இல்லை. எதிரில் சிப்பாய் நின்றால் யானையும் ராணியும் தம் பார்வையில் ஒரு பகுதியை இழக்கும். குதிரை எதையும் இழக்காது. எனவே கறுப்பின் முதல் விருப்பம் குதிரைக்குக் குதிரையை மாற்றிக்கொள்வதாக இருக்கவேண்டும். மந்திரி மட்டும் மிஞ்சினால் அது வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடும். e5, f6 போன்ற கறுப்புக் கட்டங்களில் நிற்கும் சிப்பாய்களை அதனால் தொட முடியாது, அடுத்த அடி வைக்கும் கட்டத்தைக் கண்காணிக்க மட்டுமே முடியும்.

கறுப்பு அந்தக் குதிரையை எப்படிப் பிடிப்பது? இங்கே வெள்ளையின் ஐந்தாவது நகர்வு தன் வேலையைக் காட்டுகிறது. c4 சிப்பாயைத் திரும்ப எடுப்பதற்காக a4-க்குத் தள்ளிய சிப்பாய் இனிப் பின்வாங்காது. அதனால் b4 கட்டத்தை எந்த வெள்ளைச் சிப்பாயும் இனிக் காக்கமுடியாது. a6-இல் நிற்கும் கறுப்புக் குதிரை அங்கே குதித்தால் c2-இல் இருக்கும் ராஜாவுக்கு செக். மூலையில் ஒதுங்கி நிற்பதாகத் தோன்றும் அந்தக் குதிரைக்கு b4 இருக்கிறது, c5 இருக்கிறது, c7 வழியாக d5 இருக்கிறது. ராஜாவைத் தொந்தரவு செய்துகொண்டே அது இடம் மாறும்போது சிப்பாய்களுக்குத் தேவையான நகர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கூடுதல் சிப்பாய்களுக்கு நேரம் வாங்கித்தருவது இந்தக் குதிரையும் ராணியும்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

ராணிகளைப் பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகள் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. காய் கூடுதலாக இருப்பவர் மற்ற காய்களை மாற்றிக்கொண்டே போகவேண்டும் என்கிறது ஒன்று. மிச்சமிருக்கும் காய்கள் குறையக் குறையக் கூடுதல் காயின் எடை கூடும் என்பது அதன் நியாயம். சிப்பாய்கள் இறுதியாட்டத்தில்தான் வளரும், எனவே சிப்பாய்கள் வைத்திருப்பவரே ராணிகளை அகற்றவேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டும் அனுபவத்தில் விளைந்தவை. இந்த நிலையில் எதை நம்புவது? வெள்ளை ராஜா வெளியில் நிற்கிறது, ஆகவே ராணிகள் போனால் வெள்ளை நிம்மதியாக மூச்சுவிடும் என்று முதல் பார்வைக்குத் தோன்றுகிறது. அதற்காகவே பதினாறாவது நகர்வில் Qe5 என்று ராணியை நடுவில் வைத்து மாற்றத்துக்கு அழைக்கலாம். அந்த அழைப்புக்குக் கறுப்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது.

கறுப்பு தானாகவே e5-இல் ராணியை எடுத்தால் வெள்ளைக் குதிரை அங்கே வந்து உட்காரும். e6 சிப்பாய் மறிக்கப்பட்டுவிட்டது. குதிரை c6-ஐயும் f7-ஐயும் ஒருசேரப் பார்க்கிறது. c4 காலியானதால் f1 மந்திரிக்கு a6 வரை வழி திறந்துவிட்டது. அங்கே குதிரையை வெட்டினால் கறுப்பு b சிப்பாயால் எடுத்தாக வேண்டும். அப்போது a கோட்டில் இரட்டைச் சிப்பாய்கள், c6-க்குக் காவல் இல்லை, அடுத்த அடியில் வெள்ளைக் குதிரை அதையும் எடுத்துக்கொள்ளும். மூன்று சிப்பாய்கள் இரண்டாகிவிடும், மிஞ்சியவையும் சிதைந்திருக்கும். கறுப்பு உடனே குதிரையை நகர்த்தி இதைத் தவிர்க்கலாம். ஆனால் அந்த நகர்வு சிப்பாய்களுக்காகச் செலவாக வேண்டிய நகர்வு.

மாறாக, கறுப்பு 16...f6 என்று ஆடினால் நிலைமை தலைகீழ். வெள்ளை ராணி மிரட்டப்பட்டுவிட்டது. அது d5-இல் கறுப்பு ராணியை எடுத்தால் கறுப்பு c சிப்பாயால் திரும்ப எடுக்கும். இந்த ஒரே வெட்டில் எத்தனை விஷயங்கள் மாறுகின்றன என்று பாருங்கள். ஓரத்தில் தற்காப்புக்கு நின்ற c6 சிப்பாய் d5-க்கு வந்து நடுப்பலகையில் e6-உடன் கைகோத்துக்கொண்டது. இப்போது d, e, f, g, h என ஐந்து சிப்பாய்கள் ஒரே சங்கிலியாக, வெள்ளையின் இரண்டுக்கு எதிரே நிற்கின்றன. d5-க்கு வந்த சிப்பாய் c4 குதிரையை விரட்டுகிறது, எனவே அந்த நகர்வு இலவசம். c கோடு திறந்துகொண்டது, அந்தக் கோட்டின் மறுமுனையில் வெள்ளை ராஜா நிற்கிறது. யானை c8-க்கு வரும். ராணிகள் போனபின்பும் ராஜாவுக்கு நிம்மதி இல்லை. இரண்டு வழியிலும் மாறியது ராணிக்கு ராணிதான். பொருட்கணக்கும் அப்போதைக்கு ஒன்றேதான். ஆனால் எந்தக் கட்டத்தில் மாறியது, யார் எந்தச் சிப்பாயால் எடுத்தார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறிவிடுகிறது. ஒன்றில் சிப்பாய்களின் நாளை தள்ளிப்போகிறது, மற்றதில் கிட்டத்தில் வந்துவிடுகிறது.

வெள்ளைக் குதிரை d6-க்குத் தாவி, b7-ஐத் தாக்கிக்கொண்டே c8-ஐயும் காவல் செய்யலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், வெள்ளையின் நல்ல பதில்களில் அதுவும் ஒன்று. ஆனால் கறுப்புக் குதிரை b4-இல் செக் கொடுக்கிறது. ராஜா b3-க்குப் போய் அந்தக் குதிரையைத் தாக்கினால் a5 சிப்பாய் அதைக் காக்கிறது. இப்போது வெள்ளைக் குதிரை b7-ஐ எடுத்தால் அதுவும் அதன் ராஜாவும் ஒரே கோட்டில் சிக்கிக்கொள்ளும். கறுப்பு யானை b8-க்கு வந்ததும் அந்தக் கோடு வெள்ளைக்குத் தலைவலிதான். வெள்ளை இந்த வழிக்கே போகாமல் ஒவ்வொரு நகர்விலும் துல்லியமாக ஆடித் தப்பலாம். அப்போதும் அதன் கூடுதல் காய் எதிரியைத் தாக்காமல் சிப்பாய்களைத் தடுக்கும் வேலையில் கட்டுண்டிருக்கும். அதனால்தான் f6-க்குப் பிறகு வெள்ளை ராணியை e3-க்கோ g3-க்கோ பின்வாங்கி, ராணிகளை வைத்துக்கொண்டே ஆடுவது எனக்குச் சரியாகப் படுகிறது.

ராணிகள் இருக்கும்போது வெள்ளைக்கு என்ன கிடைக்கிறது? கறுப்பு தன் சிப்பாய்களை நகர்த்தினால்தான் அவற்றுக்கு மதிப்பு. ஆனால் அவையேதான் அதன் ராஜாவின் சுவரும். f7 ஏற்கெனவே f6-க்குப் போய்விட்டது. e6-உம் e5-க்குப் போனால் a2-இலிருந்து g8 வரை ஓடும் மூலைவிட்டம் திறந்துவிடும். அது வெள்ளைக் கட்டங்களின் மூலைவிட்டம். வெள்ளையின் கூடுதல் மந்திரியும் வெள்ளைக் கட்ட மந்திரிதான். இன்றைக்கு d5-இல் கறுப்பு ராணி அந்த வழியை மறித்து நிற்கிறது, ஆனால் எப்போதும் அங்கேயே நிற்க அதனால் முடியாது. வெள்ளை யானை d1-க்கு வந்தாலே அது இடம் பெயரவேண்டும். குதிரை விலகி மந்திரி c4-க்கு வந்தால், அதுவரை f1-இல் தூங்கிக்கொண்டிருந்த காய் கறுப்பு ராஜாவை நேரே பார்க்கும். தாக்குதலுக்கு ஒரு காய் அதிகம் என்பது மூன்று புள்ளிகளைவிடப் பெரிய விஷயம். காக்கவேண்டிய கட்டத்தில் எதிரியிடம் அதற்கு ஈடான காய் இல்லை, சிப்பாயால் பின்னோக்கி வந்து காக்கவும் முடியாது.

இதற்கு நேரெதிரான நிலைமையையும் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். 1972 ஜூலை 11 அன்று ரெய்க்யவிக்கில் தொடங்கிய உலகப் போட்டியின் முதல் ஆட்டத்தில், ஸ்பாஸ்கிக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய ஃபிஷர் இருபத்தொன்பதாவது நகர்வில் h2 சிப்பாயைத் தன் மந்திரியால் எடுத்தார். மந்திரி சிக்கிக்கொண்டது, அதற்கு இரண்டு சிப்பாய்களே கிடைத்தன. ராணிகளும் யானைகளும் அதற்கு முன்பே போய்விட்டன. அந்தப் பலகையில் வெள்ளையின் கூடுதல் மந்திரிக்குத் தாக்குதல் என்று எதுவும் இல்லை. ஆனாலும் b6-இல் ஊன்றிய ஒரு வெள்ளைச் சிப்பாயும் அதைக் காத்து c5-இல் நின்ற மந்திரியும் கறுப்பின் b7 சிப்பாயை இடத்தைவிட்டு நகரவிடவில்லை. ஐம்பத்தாறாவது நகர்வில் ஃபிஷர் தோல்வியை ஒப்புக்கொண்டார். காய்கள் குறைந்த பலகையில் சிப்பாய்கள் வளரும் என்பது, அவை நகர முடியும்போது மட்டுமே உண்மை.

இறுதியாட்டத்தைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்கத் தவறும் ஒன்று காய் வைத்திருப்பவரின் மிச்சச் சிப்பாய்கள். தனி மந்திரியாலோ தனிக் குதிரையாலோ மேட் செய்ய முடியாது. நம் நிலையில் வெள்ளையிடம் நான்கே சிப்பாய்கள். அவை ஒவ்வொன்றாக மாற்றப்பட்டுத் தீர்ந்துவிட்டால், ஒரு காய் கூடுதலாக வைத்துக்கொண்டும் வெள்ளை வெல்ல முடியாது. இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வெள்ளையின் மந்திரி வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது. a கோட்டுச் சிப்பாய் ராணியாகும் a8 வெள்ளைக் கட்டம், h கோட்டின் h8 கறுப்புக் கட்டம். கடைசியில் h சிப்பாய் மட்டும் மிஞ்சினால், கறுப்பு ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும், மந்திரியால் அதை அசைக்க முடியாது, ஆட்டம் சமன். a சிப்பாய் மிஞ்சினால் வெள்ளை வெல்லும். எனவே கறுப்பு மாற்றிக்கொள்ளத் துடிக்கவேண்டியவை a, b சிப்பாய்கள். அதை அறிந்த வெள்ளை ராஜாப் பக்கத்து மாற்றங்களுக்குத் தயாராகவும் ராணிப் பக்கத்து மாற்றங்களுக்குக் கஞ்சத்தனமாகவும் இருக்கும். பலகையின் இரு பக்கங்களிலும் சிப்பாய்கள் பரவியிருப்பதால், குதிரையைவிட மந்திரியே வெள்ளைக்கு அங்கே நல்ல வேலைக்காரன்.

அமெரிக்க ஆட்டக்காரர் லாரி காஃப்மன் 1999-இல் பெருந்தொகையான ஆட்டங்களின் தரவைக்கொண்டு காய்களின் மதிப்பை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் சிப்பாய் ஒன்று என்றால் குதிரையும் மந்திரியும் மூன்றேகால். அதன்படி மூன்று சிப்பாய்கள் கால் சிப்பாய் அளவு குறைவு. இத்தனை பேரின் ஆட்டங்களிலிருந்து வந்த எண் இருக்கும்போது அமைப்பு, நேரம் என்றெல்லாம் எதற்குப் பேசவேண்டும் என்று ஒருவர் கேட்கக்கூடும். அந்த எண்ணை நான் மதிக்கிறேன். வேறு எதுவும் தெரியாதபோது எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று அது சரியாகவே சொல்கிறது: சற்றே காயின் பக்கம். ஆனால் அது சராசரி. மேலே பார்த்த இரண்டு ராணி மாற்றங்களும் அந்தச் சராசரிக்குள் ஒரே எண்ணாகக் கலந்துவிடும். கால் சிப்பாய் வித்தியாசத்தை ஒரே ஒரு f6 விழுங்கிவிடுகிறது என்பதைச் சராசரி சொல்லாது.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. சதுரங்கத்தில் பொது விதி எதற்கு, நகர்வுகளை எண்ணிப்பார்த்தால் போதும் என்பது அது. எண்ணித்தான் ஆகவேண்டும், b4 செக்கையும் b8 யானையையும் எண்ணாமல் இங்கே எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கை எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது. நின்ற இடத்தில் ஒரு நிலை மிஞ்சுகிறது, அதில் யார் மேல் என்று சொல்லியாக வேண்டும். d5-இல் c சிப்பாயால் எடுத்தபின் பலகையை நிறுத்திப் பார்ப்பவர், ஐந்து சிப்பாய்கள் சேர்ந்து நிற்பதையும் அவற்றின் எதிரில் வெள்ளைக் குதிரைக்கு நிலையான கட்டம் இன்னும் அமையாததையும் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை நகர்வுகள் எண்ணியும் எந்தக் கிளையைத் தேர்ந்தெடுப்பது என்று அவருக்குத் தெரியாது.

ஆக, பதினைந்தாவது நகர்வுக்குப் பின்னால் யார் மேல்? ராணிகள் இருக்கும்வரை வெள்ளை சற்றே மேல் என்பது என் முடிவு, ஆனால் வெள்ளைக்கு ஆடுவதும் கடினம். f1 மந்திரியை வெளியே எடுக்க ஒரு நகர்வு, h1 யானையை நடுவுக்குக் கொண்டுவர ஒரு நகர்வு, ராஜாவைப் பத்திரப்படுத்த ஒன்றிரண்டு நகர்வுகள் என அதற்கு நான்கைந்து அமைதியான நகர்வுகள் தேவை. கறுப்புக்கு e5-உம் f5-உம் வைக்கத் தேவைப்படுவதும் ஏறக்குறைய அதே அளவுதான். வெள்ளை அந்த நகர்வுகளை முடித்து, குதிரையை e5-க்கோ அதன் அருகிலோ நிலைநிறுத்திவிட்டால் மூன்று சிப்பாய்கள் போதாது. கறுப்பு குதிரைகளை மாற்றிக்கொண்டு, அல்லது d5-இல் c சிப்பாயால் எடுக்கும் வாய்ப்பைப் பெற்று நடுவை நகர்த்திவிட்டால் மந்திரி போதாது. வெள்ளையில் ஆடுபவர் 16...f6 வந்தபின் d5-இல் எடுக்காமல் இருப்பதும், கறுப்பில் ஆடுபவர் Qe5-ஐக் கண்டதும் தானே போய் எடுக்காமல் இருப்பதும் இந்த நிலையை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்பதற்கு முதல் அடையாளம்.